ஏட்டிலுள்ள இலாபமும் கைக்கு வரும் இலாபமும்

கம்பனிப் பங்குகளிலே பணத்தை இடுவோர் நெடுங்காலமாக இரண்டு வழிகளையே அறிந்திருந்தனர். கம்பனி ஒன்றின் ஐந்தொகையைப் படித்து, அதன் முகாமையை ஆராய்ந்து, நல்லதெனத் தோன்றிய பங்கைத் தேர்ந்து வாங்குதல் ஒரு வழி. எதனையும் தேராது, சந்தையிலுள்ள எல்லாக் கம்பனிகளையும் அவற்றின் பருமனுக்கு ஏற்ற அளவில் வாங்கிவைத்தல் மற்றொரு வழி. பொதுமக்கள் இந்த இரண்டாம் வழியைப் பின்பற்றுதற்கென அமைந்த சுட்டெண் நிதியம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1976ஆம் ஆண்டிலே தோன்றியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வழியொன்று இன்று பெரும் பணத்தை ஈர்த்து நிற்கின்றது. அதுவே காரணிவழி முதலீடு என்பது.

இவ்வழியில் மனிதரின் தீர்ப்புக்கு இடமில்லை. விதி ஒன்றே ஆட்சி செய்யும். சந்தையிலே ஐந்நூறு கம்பனிகள் உண்டெனக் கொள்வோம். ஏதேனும் ஒரு பண்பைக்கொண்டு அவற்றை முதலாவதிலிருந்து ஐந்நூறாவது வரை வரிசைப்படுத்தி, முதல் ஐம்பதை வாங்க வேண்டும். குறித்த காலம் சென்றதும் மீண்டும் வரிசைப்படுத்தி, வரிசையினின்றும் கீழே போனவற்றை விற்று, மேலே வந்தவற்றை வாங்க வேண்டும். இவ்வளவே முறை. வரிசைப்படுத்தும் பண்பே காரணி எனப்படும். நூற்றுக்கணக்கான காரணிகளை ஆராய்ச்சியாளர் கூறியுள்ளனராயினும், பெறுமதி, உந்தம், குறைந்த தளம்பல் என்னும் மூன்றுமே நெடிய சான்றுடையனவாகக் கருதப்படுகின்றன. அச்சான்றிலே எவ்வளவு உறுதி உண்டு, அதில் எவ்வளவு பணமாகி முதலீட்டாளரின் கைக்கு வந்துசேரும் என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

முதலாவது பெறுமதி. கம்பனியின் ஐந்தொகையிலே சொத்துக்களிலிருந்து கடன்களைக் கழிக்க எஞ்சுவது ஏட்டுப் பெறுமதி. எல்லாப் பங்குகளுக்கும் சந்தை தரும் விலையின் கூட்டுத்தொகை சந்தைப் பெறுமதி. முன்னதைப் பின்னதால் வகுக்க வரும் விகிதம் உயர்ந்திருப்பின், அப்பங்கு மலிவானது என்பது கருத்து. மலிவான பங்கை நாடும் கொள்கையைப் பென்ஜமின் கிரகாம், டேவிட் டொட் என்னும் இருவரும் 1934ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிவைத்தனர். இயூஜின் பாமா, கென்னத் பிரெஞ்ச் ஆகியோர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அதனை எண்களால் அளந்து காட்டியது. 1963 முதல் 1990 வரையான அமெரிக்கப் பங்குகளை அவர்கள் இவ்விகிதத்தின்படி பிரித்தபோது, விகிதம் மிகத் தாழ்ந்த பிரிவு மாதத்துக்குச் சராசரியாக நூற்றுக்கு 0.30 வருவாயையும், மிக உயர்ந்த பிரிவு 1.83 வருவாயையும் ஈட்டியிருந்தன. இவ்விடைவெளி வியப்பைத் தருவது. ஆயினும், அக்கணக்கில் பெரிய கம்பனிக்கும் சிறிய கம்பனிக்கும் ஒரே நிறை கொடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. சிறிய கம்பனிகளின் பங்குகளைப் பெருந்தொகையாக வாங்குவதும் விற்பதும் எளிதன்று. இக்குறிப்பின் பொருள் பின்னர்த் தெளிவாகும்.

இரண்டாவது உந்தம். அண்மையில் விலை ஏறிய பங்கு இன்னும் சிறிது காலம் ஏறும், இறங்கிய பங்கு இன்னும் இறங்கும் என்னும் போக்கே இது. நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிற்மன் ஆகியோர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிப்படை. கடந்த ஆறு மாதங்களில் மிக ஏறிய பத்திலொரு பங்குத் தொகுதியை வாங்கி, மிக இறங்கிய பத்திலொரு தொகுதியை இரவலாகப் பெற்று விற்று, ஆறு மாதம் வைத்திருப்பின், 1965 முதல் 1989 வரையான காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 அளவிலான வருவாய் கிடைத்திருக்கும் என அவர்கள் கண்டனர். இன்று பெரும்பாலோர் கடந்த பன்னிரண்டு மாத விலையேற்றத்தை எடுத்து, அதில் இறுதி மாதத்தை விட்டுவிடுகின்றனர். ஒரே மாதத்தில் திடீரென ஏறிய விலை அடுத்த மாதத்தில் சற்றே பின்வாங்கும் இயல்புடையதாதலின், அம்மாதத்தைச் சேர்த்தால் அளவு பழுதுபடும்.

மூன்றாவது குறைந்த தளம்பல். விலை மிக அசையும் பங்கை வைத்திருப்போர் அஞ்சி வாழ்தலின், அவர்க்கு மிகுந்த ஊதியம் கிடைக்க வேண்டும் என்பது பழைய கோட்பாடு. அனுபவமோ அதற்கு மாறாயிற்று. பிஷர் பிளக், மைக்கல் ஜென்சன், மைரன் சோல்ஸ் என்னும் மூவரும் 1972ஆம் ஆண்டிலேயே, சந்தையோடு குறைவாக அசையும் பங்குகள் கோட்பாடு கூறிய அளவினும் மிகுதியாகவும், மிகவும் அசையும் பங்குகள் அதனினும் குறைவாகவும் ஈட்டின எனக் காட்டினர். பேக்கர், பிராட்லி, வேர்க்ளர் என்போர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இன்னும் கூர்மையானது. 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தளம்பல் மிகக் குறைந்த ஐந்திலொரு தொகுதியில் இட்ட ஒரு டொலர், 2008ஆம் ஆண்டின் இறுதியில் 59 டொலர் 55 சதமாயிற்று. தளம்பல் மிகக் கூடிய தொகுதியில் இட்ட ஒரு டொலரோ 58 சதமாகத் தேய்ந்தது.

இதற்குக் காரணம் ஓரளவு வெறுங்கணிதமே. நூறு டொலர் ஓராண்டு நூற்றுக்கு 50 ஏறி மறு ஆண்டு நூற்றுக்கு 50 இறங்கினால் எஞ்சுவது 75. அதே நூறு டொலர் நூற்றுக்கு 20 ஏறி நூற்றுக்கு 20 இறங்கினால் எஞ்சுவது 96. இரண்டிலும் கூட்டிக்கழித்த சராசரி சூனியமே; ஆயினும் அசைவு மிகுந்த பங்கு முதலையே தின்றுவிடுகின்றது. மற்றொரு காரணம் மனித இயல்பு. கடன் வாங்க இயலாதோரும் விரைவில் செல்வராக விரும்புவோரும் துள்ளும் பங்குகளையே நாடி அவற்றின் விலையை உயர்த்திவிடுகின்றனர். நிதிய முகாமையாளரின் திறமை சுட்டெண்ணோடு ஒப்பிட்டே அளக்கப்படுகின்றது. அமைதியான பங்குகளை வைத்திருந்தால் சந்தை பாய்ந்தேறும் ஆண்டுகளில் அவர் பின்தங்கி வேலையை இழக்க நேரும். ஆதலால் அவரும் அவற்றை விரும்புவதில்லை. இவ்வாறு ஒதுக்கப்பட்டதனாலேயே அப்பங்குகள் மலிவாயின என்பது ஆராய்ச்சியாளர் தரும் விளக்கம். எனினும் குறைந்த தளம்பலின் பயன் பெரும்பாலும் மிகுந்த பணமன்று. சந்தையின் அளவான வருவாயைக் குறைந்த அசைவோடு பெறுதலே. இதை உணராது அதில் இறங்கியோர், சந்தை ஏறும் காலத்திலே ஏமாற்றமடைந்து விலகுவர்.

சான்றுகள் இவை. இனி இச்சான்றுகளினின்றும் கழிக்க வேண்டியவற்றைக் காண்போம். அவை மூன்று.

முதற் கழிவு, ஆராய்ச்சியின் எண் எதனை அளக்கின்றது என்பதிலிருந்து பிறப்பது. உந்தத்துக்குச் சொல்லப்பட்ட நூற்றுக்கு 12 என்பது, ஏறிய பங்குகளின் வருவாய்க்கும் இறங்கிய பங்குகளின் வருவாய்க்கும் உள்ள வேறுபாடு. இறங்கியவற்றை இரவல் பெற்று விற்பவனுக்கே அவ்வேறுபாடு முழுவதும் உரியது. பங்கை வாங்கி மட்டும் வைத்திருப்பவன், தன் தொகுதி சந்தைச் சராசரியினும் எவ்வளவு மிகுந்தது என்பதையே பெறுவான். அது முழு வேறுபாட்டின் ஒரு பகுதியே. இந்த அளவை வைத்தே பாமாவும் பிரெஞ்சும் 2021ஆம் ஆண்டில் பெறுமதிக் காரணியை மீண்டும் அளந்தனர். பெரிய கம்பனிகளுள் மலிவானவை, 1963 முதல் 1991 வரை சந்தையினும் மாதத்துக்கு நூற்றுக்கு 0.36 மிகுதியாக ஈட்டியிருந்தன. அதன் பின்னர் 2019 வரை அம்மிகுதி 0.05 ஆகக் குறைந்தது. பங்கு விலைகள் பெரிதும் அசைவனவாதலின், இக்குறைவு தற்செயலானதா நிலையானதா என்று புள்ளிவிபரத்தைக்கொண்டு உறுதியாகக் கூற இயலவில்லை என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டனர்.

இரண்டாம் கழிவு, கண்டுபிடித்ததனாலேயே நேர்வது. பல நூறு பண்புகளைச் சோதிப்பவருக்குச் சில பண்புகள் தற்செயலாகவே நன்றாகத் தோன்றும். மேலும், உண்மையான போக்கொன்று அச்சேறியதும் பலரும் அதனை நாடி வாங்க, மலிவாக இருந்தவை மலிவை இழக்கும். மக்லீன், பொன்டிவ் ஆகிய இருவர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 97 பண்புகளை எடுத்து, ஆராய்ச்சிக்கு உட்பட்ட காலம் முடிந்தபின் அவை எவ்வாறு நடந்துகொண்டன எனப் பார்த்தனர். ஆராய்ச்சிக் காலத்துக்குப் பின்னர் வருவாய் நூற்றுக்கு 26 குறைந்தது. கட்டுரை வெளியான பின்னர் நூற்றுக்கு 58 குறைந்தது. முதல் 26, தற்செயலை உண்மையெனக் கொண்டதன் மேல்வரம்பு. மீதி 32, வாசித்தறிந்தோர் சந்தையில் இறங்கியதன் விளைவு என அவர்கள் மதிப்பிட்டனர். வருவாய் முற்றாக மறையவில்லை என்பதும் கவனிக்கத்தக்கதே.

மூன்றாம் கழிவு செலவு. செலவென்றவுடன் தரகுக் கூலியே பலர் நினைவுக்கு வரும். அது இன்று மிகச் சிறிது. பெரிதாயிருப்பவை வேறு இரண்டு. எப்போதும் வாங்குவோர் கேட்கும் விலை தாழ்ந்தும் விற்போர் கேட்கும் விலை உயர்ந்தும் இருக்கும். உடனே வாங்க விரும்புபவர் அவ்விடைவெளியைத் தாமே தாங்க வேண்டும். அன்றியும், பெருந்தொகையாக வாங்கத் தொடங்கினால், அவ்வாங்குதலே விலையை மேலே தள்ளும். முதல் ஆயிரம் பங்கு ஒரு விலைக்கும், பத்தாவது ஆயிரம் அதனினும் கூடிய விலைக்குமே கிடைக்கும். சிறிய கம்பனிகளில் இவ்விரண்டும் மிகுதி. முன்னர்க் கூறிய குறிப்பின் பொருள் இதுவே: ஏட்டில் மிகச் சிறந்த இலாபம் எங்கே தோன்றுகின்றதோ, அங்கேதான் வாங்குதலும் விற்றலும் மிகுந்த செலவை உண்டாக்குகின்றன.

இவ்வெண்ணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். முதலீட்டாளர் ஒருவர் 10,00,000 டொலரை உந்த விதியின்படி இடுகின்றார் எனக் கொள்வோம். இவ்வெண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. பழைய ஆராய்ச்சியின்படி சந்தையினும் ஆண்டுக்கு நூற்றுக்கு 3, அதாவது 30,000 டொலர், மிகுதியாகக் கிடைக்கும் என்று அவர் நம்புகின்றார். மக்லீன், பொன்டிவ் கண்ட நூற்றுக்கு 58 கழிவை இதிற் கழித்தால், எதிர்பார்க்கத்தக்கது 12,600 டொலர். உந்தத் தொகுதி விரைவாக மாறுவது. ஏறிய பங்கு என்றும் ஏறிய பங்காகவே இராதாகையால், ஆண்டுக்கு அதன் புரள்வு நூற்றுக்கு 150 எனக் கொள்ளலாம். அவ்வாறாயின் ஆண்டுக்குள் 15,00,000 டொலருக்கு விற்று, 15,00,000 டொலருக்கு வாங்க வேண்டும். மொத்த வியாபாரம் 30,00,000 டொலர். பெரிய கம்பனிகளில் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நூற்றுக்கு 0.2 செலவாயின், ஆண்டுச் செலவு 6,000 டொலர். நிதியத்தின் முகாமைக் கட்டணம் நூற்றுக்கு 0.3 ஆயின், அது 3,000 டொலர். இவற்றைக் கழிக்க எஞ்சுவது 3,600 டொலர். அவர் எதிர்பார்த்தது 30,000.

இதே விதியைச் சிறிய கம்பனிகளில் நடத்தி, வியாபாரச் செலவு நூற்றுக்கு 0.6 ஆனால் என்ன நிகழும்? செலவு 18,000 டொலராகும். கட்டணத்தையும் சேர்க்க, 12,600 டொலர் ஆதாயம் 8,400 டொலர் நட்டமாக மாறிவிடும். சிறிய கம்பனிகளில் ஆதாயம் சற்றே மிகுந்தாலும் இப்பள்ளத்தை நிரப்புதல் கடினம்.

பெறுமதி விதியோ மெதுவாக மாறுவது. மலிவான பங்கு பல ஆண்டுகள் மலிவாகவே கிடக்கும். அதன் புரள்வு ஆண்டுக்கு நூற்றுக்கு 40 எனக் கொண்டால், மொத்த வியாபாரம் 8,00,000 டொலர்; செலவு 1,600 டொலர். ஆதாயம் அதே 12,600 எனில், கட்டணமும் போக 8,000 டொலர் எஞ்சும். ஏட்டிலே ஒரே அளவான இரு காரணிகள், கைக்கு வரும்போது ஒன்று மற்றொன்றின் இருமடங்குக்கும் மேலாகின்றது. இரண்டுக்கும் வேறுபாடு புரள்வு ஒன்றேயாகும். வரியும் இதே திசையில் வேலை செய்யும். அமெரிக்காவில் ஓராண்டு அல்லது அதனினும் குறைந்த காலம் வைத்திருந்து விற்ற பங்கின் இலாபத்துக்குச் சாதாரண வருமானத்தின் வரிவீதமே விதிக்கப்படும்; அதனினும் நெடிது வைத்திருந்தால் குறைந்த வீதம் உண்டு.

செலவின் அளவைப் பற்றி ஆராய்ச்சியாளர் ஒருமித்த கருத்துடையரல்லர். லெஸ்மொன்ட், ஷில், ஷூ ஆகியோர் 2004ஆம் ஆண்டில், உந்தத்தின் இலாபம் பெரும்பாலும் வியாபாரச் செலவு மிகுந்த பங்குகளிலேயே தோன்றுதலின் அது மாயை என எழுதினர். பெருநிறுவனமொன்றின் உண்மையான வியாபாரக் குறிப்புக்களை ஆராய்ந்த பிறரோ, பொறுமையோடு சிறிது சிறிதாக வாங்குவோருக்குச் செலவு அவ்வளவு பெரிதன்று என்றனர். அவ்வாராய்ச்சியாளருட் சிலர் அந்நிறுவனத்தைச் சார்ந்தோர் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். இரு கூற்றும் உண்மையாதல் கூடும். அவசரமாகச் சிறிய பங்குகளை வாங்குவோருக்கு முன்னது பொருந்தும். பெரிய பங்குகளைப் பொறுமையாக வாங்குவோருக்குப் பின்னது பொருந்தும்.

நோவி-மாக்ஸ், வெலிக்கோவ் என்னும் இருவர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்திலே ஒரு நடைமுறை எல்லையைக் காட்டியது. மாதப் புரள்வு நூற்றுக்கு 50க்குக் குறைந்த விதிகளிற் பெரும்பாலானவை செலவுக்குப் பின்னரும் பிழைத்தன. அதனை மீறியவற்றுட் சிலவே பிழைத்தன. செலவைக் குறைக்கும் உபாயங்களுள் அவர்கள் மிகச் சிறந்ததாகக் கண்டது எளிமையானது: வாங்குதற்கு ஓர் எல்லையும் விற்றற்கு வேறோர் எல்லையும் வகுத்தல்.

ஐந்நூறு கம்பனிகளுள் முதல் ஐம்பதை வாங்கும் விதியை மீண்டும் எடுத்துக்கொள்வோம். 48ஆம் இடத்திலிருந்த பங்கு ஒன்று இம்மாதம் 53ஆம் இடத்துக்கு இறங்கி, அடுத்த மாதம் 47ஆம் இடத்துக்கு ஏறுகின்றது. விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுபவர் அதனை விற்று வேறொன்றை வாங்குவார். மறுமாதம் அவ்வேறொன்றை விற்று இதனையே திரும்ப வாங்குவார். நான்கு வியாபாரங்கள், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 0.2 ஆயின், அப்பங்கில் இட்ட பணத்தில் நூற்றுக்கு 0.8 பயனின்றிப் போயிற்று. 48க்கும் 53க்கும் உள்ள வேறுபாடு பொருளற்றது. ஆகவே, ஐம்பதுக்குள் வந்தால் வாங்குக, நூறைத் தாண்டிக் கீழே போனால் மட்டுமே விற்க என விதித்தால், இவ்வீண் அலைச்சல் நீங்கும். தொகுதியின் இயல்பு சற்றே மங்குமாயினும், மிச்சமாகும் செலவு அதனைப் பெரும்பாலும் ஈடுசெய்யும்.

இதனோடு சேர்ந்த மற்றொரு சிக்கனம், காரணிகளை ஒன்றாக நோக்குதலாகும். அஸ்னஸ், மொஸ்கோவிற்ஸ், பீடர்சன் ஆகியோர் 2013ஆம் ஆண்டில், பெறுமதியும் உந்தமும் பெரும்பாலும் எதிரெதிராக அசைவன எனப் பல நாட்டுச் சந்தைகளைக்கொண்டு காட்டினர். இறங்கிய பங்கே பொதுவாக மலிவான பங்காதலின் இது இயல்பே. பெறுமதி நிதியம் ஒன்றையும் உந்த நிதியம் ஒன்றையும் தனித்தனியே வாங்கியவர், முதல் நிதியம் மலிவெனக் கருதி வாங்கும் பங்கையே இரண்டாம் நிதியம் இறங்கியதெனக் கருதி விற்பதைக் காண்பார். இரண்டு செலவும் அவர் தலையிலேயே விழும். ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு பண்புகளையும் சேர்த்து ஒரே மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தினால், மலிவாயிருந்தும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் பங்கு சிறிது காலம் தள்ளிவைக்கப்படும். ஒன்றையொன்று வெட்டும் வியாபாரங்கள் நிகழா.

செலவைப் போலவே ஆபத்தும் ஒவ்வொரு காரணிக்கும் வேறு. உந்தத்தின் ஆபத்து திடீரென வருவது. 2009ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரையான மூன்று மாதங்களில், முன்னர் மிக இறங்கிய பத்திலொரு தொகுதி நூற்றுக்கு 163 ஏறியது. மிக ஏறியிருந்த தொகுதி நூற்றுக்கு 8 மட்டுமே ஏறியது. டானியல், மொஸ்கோவிற்ஸ் ஆகியோர் 2016ஆம் ஆண்டில் இதனை விரிவாக ஆராய்ந்து, 1932ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ற் மாதங்களிலும் இவ்வாறே நிகழ்ந்ததென எடுத்துக்காட்டினர். காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. சந்தை பெரிதும் வீழ்ந்தபின், மிக இறங்கிய பங்குகள் என்பன முறிந்துபோகும் நிலையிலுள்ள கம்பனிகளின் பங்குகளாகும். கம்பனி பிழைக்கும் என்னும் செய்தி சிறிது எட்டினாலும் அவற்றின் விலை பன்மடங்காகும். அவற்றை இரவல் பெற்று விற்றவர் அழிந்துபோவார். வாங்கி மட்டும் வைத்திருப்பவருக்கு அத்தகைய அழிவு இல்லை; சந்தை நான்கிலொரு பங்கு ஏறியபோது தம் தொகுதி நூற்றுக்கு 8 ஏறியதைக் கண்டு பின்தங்குவதே அவர் பட்ட பாடு. நீடித்த வீழ்ச்சிக்குப் பின் சந்தை திடீரென மீளும் வேளையே உந்தத்துக்குக் கேடான வேளை.

பெறுமதியின் ஆபத்து மெதுவாக வருவது. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு முதல் 2020ஆம் ஆண்டு வரை மலிவான பங்குகள் பெரும்பாலும் பின்தங்கியே நின்றன. அவ்வளவு காலம் பொறுத்தோர் சிலரே. பலர் 2020ஆம் ஆண்டிலே சலித்து விலக, அவ்வாண்டின் இறுதி தொடங்கி 2022 வரை அவை விரைந்து மீண்டன. இன்னொரு குறையும் உண்டு. ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் ஒரு கம்பனி செலவிடும் பணம் பெரும்பாலும் அவ்வாண்டின் செலவாகவே எழுதப்படுவதால், அதனால் விளையும் சொத்து ஏட்டில் ஏறுவதில்லை. ஆதலின் ஏட்டுப் பெறுமதி ஒன்றையே நம்புபவர், மலிவான பங்கை விலையுயர்ந்ததெனத் தவறாகத் தள்ளிவிடக்கூடும். இலாபம், விற்பனை, பணவரவு ஆகியவற்றையும் சேர்த்து அளப்பது இதற்குப் பரிகாரம்.

குறைந்த தளம்பலின் ஆபத்து கூட்டத்தால் வருவது. மின்சாரம் வழங்கும் கம்பனிகள், உணவுப்பொருட் கம்பனிகள் போன்ற சில துறைகளிலேயே அது செறியும். பலர் ஒன்றாக நாடி விலையை உயர்த்திய பின் வாங்குபவர், அமைதியை மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றார். வட்டிவீதம் ஏறும் காலத்திலே இத்துறைகளின் பங்குகள் கடன்பத்திரங்களைப் போல விலை இறங்குவதும் உண்டு. தொகுதியின் மலிவளவைச் சந்தையின் மலிவளவோடு ஒப்பிட்டுப் பார்த்தே இதில் இறங்குதல் நன்று.

இறுதியாக, தாம் கைக்கொண்ட விதி பயன்தருகின்றதா என்பதை முதலீட்டாளர் எவ்வாறு அறிவது? மூன்றாண்டு, ஐந்தாண்டு வருவாயைப் பார்த்து என்பதே வழக்கமான விடை. அது தவறு என்பதைச் சிறிய கணக்கே காட்டும். தொகுதியின் வருவாய் சந்தையினின்றும் விலகும் அளவு, ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்னும் நியம விலகலுடையதெனக் கொள்வோம். மிகுதி வருவாய் தற்செயலன்று என ஓரளவு துணிதற்கு, அவ்விலகலை இரண்டாற் பெருக்கி, எதிர்பார்க்கும் மிகுதியால் வகுத்து, வருவதைத் தன்னாலேயே பெருக்க வேண்டும். அவ்வளவு ஆண்டுகள் தேவை. மிகுதி நூற்றுக்கு 3 ஆயின் ஏறத்தாழ 11 ஆண்டுகள். செலவுக்குப்பின் பெறுமதித் தொகுதிக்கு எஞ்சிய நூற்றுக்கு 0.8 ஆயின் 156 ஆண்டுகள். எந்த மனிதரும் அவ்வளவு காலம் காத்திருந்து சோதிக்க இயலாது. ஆதலால், சில ஆண்டு வெற்றியைக் கண்டு சேர்வதும், சில ஆண்டுத் தோல்வியைக் கண்டு விலகுவதும் சான்றற்ற செயல்களே.

வருவாயைக்கொண்டு சோதிக்க முடியாதபோது, சோதிக்கக் கூடியவற்றையே சோதிக்க வேண்டும். நிதியம் வைத்திருக்கும் பங்குகள் உண்மையிலேயே மலிவானவையா என்பதை அதன் பட்டியலே காட்டும். ஆண்டுப் புரள்வு அறிக்கையில் இருக்கும். சுட்டெண்ணோடு அதற்குள்ள ஒற்றுமையையும் அளக்கலாம். தொகுதியில் நாலில் மூன்று பங்கு சுட்டெண்ணைப் போன்றதேயாயின், வேறுபட்ட நாலிலொரு பங்குக்காகவே கட்டணம் கொடுக்கப்படுகின்றது. அப்பொழுது நூற்றுக்கு 0.3 எனத் தோன்றும் கட்டணம், உண்மையில் அப்பகுதிக்கு நூற்றுக்கு 1.2 ஆகும். இப்பரீட்சைகளுக்கு நூற்றைம்பது ஆண்டு வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

காரணிகளால் வரும் மிகுதி ஐயத்துக்கு உரியது. செலவோ ஒவ்வோர் ஆண்டும் தவறாது வருவது. ஆகையால், தேர்ந்த முதலீட்டாளர் தாம் எதிர்பார்க்கும் மிகுதியை முதலில் பாதியாகக் குறைத்து எழுதுவார். அதன் கீழே புரள்வையும் வியாபாரச் செலவையும் கட்டணத்தையும் வரியையும் எழுதிக் கழிப்பார். எஞ்சும் எண், பத்தாண்டு பின்தங்கினாலும் பொறுத்திருக்கத்தக்க அளவினதாயிருப்பின் அவ்வழியிலே செல்வார். இல்லையேல், சந்தை முழுவதையும் மலிவாக வாங்கி வைத்திருப்பதோடு அமைவார்.